கொல்லிமலை வேடனுக்கு ஒரு கவசம்

கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்றின் 152-ஆம் பாடலில், ஒரே அம்பு யானையை வீழ்த்தி, புலியையும் மானையும் பன்றியையும் கடந்து, புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைக்கும் காட்சிதான் பெரும்பாலோர் நினைவில் நிற்கிறது. உடை வடிவமைப்பில் ஈடுபடுபவருக்கோ அதற்கு அடுத்து வரும் பகுதியே கூடுதலாகப் பயன்படும். எய்தவன் யாரென்று அறியாத பாணர்கள் அவனுடைய தோற்றத்தை மட்டும் வைத்துக்கொண்டு ஆராய்கிறார்கள். வேட்டையாடுபவன் என்பது தெரிகிறது, ஆனால் இறைச்சி விற்றுப் பிழைப்பவனாகத் தோன்றவில்லை, அகன்ற மார்பில் ஆரம் தொங்குவதால் செல்வமுடையவனாக இருக்க வேண்டும், ஒருவேளை இந்த மலைக்குரிய ஓரிதானோ என்று படிப்படியாக முடிவை நெருங்குகிறார்கள். பெயர் சொல்லப்படாத ஒருவனை வில்லும் ஆரமும் மட்டுமே அடையாளம் காட்டிக் கொடுக்கின்றன.

கற்பனைப் பாத்திரங்களின் உடையணிந்து அப்பாத்திரமாகவே தோன்றும் காஸ்ப்ளே என்னும் கலையும் இதே வழியில்தான் இயங்குகிறது. 1939-இல் நியூயார்க்கில் நடந்த முதல் உலக அறிவியல் புனைகதை மாநாட்டுக்கு மிர்ட்டில் டக்ளஸ் என்பவர் தாம் தைத்த எதிர்கால உடைகளைத் தாமும் அணிந்து, தம் நண்பர் ஃபாரஸ்ட் ஆக்கர்மனுக்கும் அணிவித்து வந்ததை இக்கலையின் தொடக்கங்களுள் ஒன்றாகக் கருதுவர். இப்பெயரை 1983-இல் ஜப்பானிய இதழ் ஒன்றின் வழியாகப் பரப்பியவர் நொபுயூகி தகஹாஷி. இந்தியாவில் 2011-இல் தில்லியில் தொடங்கிய காமிக் கான் விழா 2024-இல் சென்னைக்கும் வந்தபோது, தமிழ் இளைஞர்கள் பலர் ஜப்பானிய, அமெரிக்கப் பாத்திரங்களின் வேடத்தில் அதற்குச் சென்றார்கள். ஏற்கெனவே படமாக வரையப்பட்ட பாத்திரத்தைப் பார்த்துச் செய்வது அத்தகைய வேடங்களுக்குப் போதுமானது. ஓரியைப் போன்ற ஒருவனுக்கு அப்படிப்பட்ட முன்மாதிரிப் படம் கிடையாது. கொல்லிமலையின் செம்மேட்டில் நிற்கும் ஓரியின் சிலை பிற்காலத்துச் சிற்பியின் கற்பனை. சங்கப் பாடல்கள் தருவதோ ஓரிரு அணிகள் மட்டுமே. ஆகவே வடிவமைப்பாளர், கொல்லிமலையில் நடக்கும் ஓரி விழாவுக்கு உடையை அணியப்போகும் நண்பரின் நிழற்படத்தை ஒரு கையிலும் பாடல் தரும் சில குறிப்புகளை மறு கையிலும் வைத்துக்கொண்டு, நடுவிலுள்ள அனைத்தையும் தாமே படைக்க வேண்டியிருக்கிறது.

நிழற்படத்திலிருந்து தொடங்குவதற்குக் காரணம் உண்டு. பாத்திரத்தை முதலில் முழுமையாக வரைந்துவிட்டுப் பிறகு அதை நண்பரின் உடலில் பொருத்த முயன்றால், வரைபடத்தில் எடுப்பாக இருந்த கவசம் சரிந்த தோளில் வழுக்கிக் கீழிறங்கும். நீண்ட கழுத்துக்கு அழகாக இருந்த கழுத்தணி குட்டைக் கழுத்தில் தாடையை இடிக்கும். படத்திலுள்ள உடலை அடித்தளமாகக் கொண்டு அதன் மேல் பாத்திரத்தைக் கட்டினால் இத்தகைய முரண்கள் தாளிலேயே தெரிந்துவிடும். ஆனால் எல்லாப் படமும் இதற்கு உதவிவிடாது. கைநீட்டி எடுத்த தற்படத்தில் கேமராவுக்கு அருகிலுள்ள மூக்கும் நெற்றியும் பெரிதாகி, தோள்கள் சிறுத்துத் தோன்றும். கண்மட்டத்திலிருந்து கீழ்நோக்கி எடுத்த முழு உருவப் படத்தில் கால்கள் குட்டையாகிவிடும். ஏறத்தாழ 3 அல்லது 4 மீட்டர் தள்ளி நின்று, கைப்பேசியை இடுப்பு உயரத்தில் செங்குத்தாகப் பிடித்து, சற்றே பெரிதாக்கி எடுத்த படமே அளவெடுக்கத் தக்கது. நேர்முகமாக ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு படங்கள், உடலோடு ஒட்டிய பனியனும் கால்சட்டையும் அணிந்த நிலையில், கைகளை உடலிலிருந்து ஒரு சாண் விலக்கி எடுக்கப்பட வேண்டும். அந்தப் படம் எதற்குப் பயன்படப்போகிறது, யார் யார் பார்ப்பார்கள் என்பதை நண்பரிடம் முன்பே சொல்லி ஒப்புதல் பெறுவதும் இந்தக் கட்டத்திலேயே முடிய வேண்டிய வேலையாகும்.

படம் இடவலம் மாறியிருக்கிறதா என்று பார்ப்பது அடுத்த வேலை. பல கைப்பேசிகள் முன்பக்கக் கேமராவால் எடுத்த படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல் புரட்டிச் சேமிக்கின்றன. பனியனில் உள்ள எழுத்து இடவலம் மாறித் தெரிந்தால் ஐயமில்லை. எழுத்து இல்லையென்றால் கைக்கடிகாரம் எந்தக் கையில் இருக்கிறது, ஆண்களின் சட்டையாக இருந்தால் பொத்தான்கள் அணிந்தவரின் வலப்பக்கத்தில் இருக்கின்றனவா என்று பார்த்து அறியலாம். வேறு வேடங்களில் இந்தப் பிழை பெரிய கேடு செய்யாது. வில்லாளியின் வேடத்தில் முன்கைக் காப்பு வில் பிடிக்கும் கையிலும் அம்பறாத்தூணி நாண் இழுக்கும் பக்கத்திலும் அமைய வேண்டியிருப்பதால், இடவலம் மாறினால் கவசம் முழுவதுமே பயனற்றுப் போகும்.

அளவெடுக்கும் முறையை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நண்பரின் உயரம் 170 செ.மீ. என்றும், படத்தில் உச்சந்தலையிலிருந்து குதிகால் வரை 1,020 படப்புள்ளிகள் இருப்பதாகவும் கொண்டால், 6 புள்ளிகள் 1 சென்டிமீட்டருக்குச் சமமாகின்றன. தோளின் அகலம் 264 புள்ளி என்றால் அது 44 செ.மீ.; மார்பின் அகலம் 192 புள்ளி என்றால் 32 செ.மீ.; பக்கவாட்டுப் படத்தில் மார்பின் பருமன் 132 புள்ளி என்றால் 22 செ.மீ. நேர்முகப் படம் அகலத்தைத்தான் தரும், சுற்றளவைத் தராது. மார்பை ஒரு நீள்வட்டமாகக் கருதி அகலத்தின் பாதியையும் பருமனின் பாதியையும் கூட்டி 3.14-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 85 செ.மீ. கிடைக்கும். மனித மார்பு நீள்வட்டத்தைவிடச் சற்றுச் சதுரமானது என்பதால் நாடாவால் அளந்தால் சில சென்டிமீட்டர் கூடுதலாகவே வரும். செருப்பின் தடிப்பும் தலைமுடியின் உயரமும் கணக்கில் புகுந்து இன்னும் 2, 3 செ.மீ. பிழையை உண்டாக்கும். எனவே இக்கணக்கு வடிவத்தின் விகிதத்தை முடிவு செய்யவும் எவ்வளவு பொருள் வாங்குவது என்று அறியவும் உதவுமே தவிர, இதை நம்பிக் கவசத்தை வெட்டிவிடக் கூடாது. வெட்டுவதற்குமுன் நண்பருக்குப் பழைய பனியன் ஒன்றை அணிவித்து, அதன்மேல் காகித ஒட்டுநாடாவை உடலோடு ஒட்டச் சுற்றி, கவசத்தின் கோடுகளை அதிலேயே வரைந்து, பிறகு கத்தரித்து எடுத்துத் தட்டையாக விரித்தால், அதுவே வெட்டுப் படிவமாகிவிடும்.

அளவுகளைவிட முக்கியமான ஒன்றையும் படம் சொல்கிறது. அது நண்பர் இயல்பாக நிற்கும் விதம். எடுத்துக்காட்டில் வரும் நண்பர் உடலின் எடையை ஒரு காலில் தாங்கி, இடத்தோளைச் சற்று முன்னே நீட்டி நிற்பவர், மெலிந்தவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர் என்று கொள்வோம். இடத்தோள் முன்னே வருவது வில் பிடிப்பவரின் நிலைக்கு மிக அருகிலிருப்பதால் அதை அப்படியே வைத்துக்கொண்டு, பார்ப்பவர் கண்ணில் முதலில் படும் இடத்தோளிலும் இடக்கையிலும் கவசத்தின் எடையைக் குவிக்கலாம். கண்ணாடியைக் கழற்றச் சொல்வது நண்பரைப் பார்வையற்றவராக்கி மலைப்பாதையில் நடக்கவிடுவதாகும். அதை மறைக்க முயலாமல், முகத்தின் மேற்பகுதியைத் தலைக்கவசமின்றித் திறந்துவிடுவதே தக்கது.

ஓரியைப் பற்றிய பாடல்களில் அவனுடைய கவசம் பற்றிய செய்தி இல்லை. 152-ஆம் பாடல் மார்பில் தொங்கும் ஆரத்தைச் சொல்கிறது. 153-ஆம் பாடல் ஒளிவிடும் பொன்னணியையும் முன்கையில் வளைந்து சுற்றிய கடகத்தையும் சொல்கிறது. கவசம் வேண்டுமென்றால் புறநானூற்றின் 13-ஆம் பாடலில் ஏணிச்சேரி முடமோசியார் சோழன் முடித்தலைக் கோப்பெருநற்கிள்ளியைக் காட்டும் இடத்திலிருந்து கடன் பெறலாம். அம்புகள் கிழித்த புலித்தோல் கவசம் அங்கே வருகிறது. அது வேறொரு மன்னனுடைய கவசம் என்பதை மறைக்க வேண்டியதில்லை. பாடலில் உள்ளவை இவை, கடன் பெற்றவை இவை, கற்பனை செய்தவை இவை என்று வடிவமைப்பாளர் தம் குறிப்பேட்டில் மூன்று பகுதிகளாக எழுதி வைத்துக்கொண்டால், எதை மாற்றலாம், எதைத் தொடக்கூடாது என்ற குழப்பம் பின்னர் எழாது. எடை குறைக்க நேரும்போது கற்பனைப் பகுதியிலிருந்து கழிக்க வேண்டும். வில்லும் ஆரமும் கடகமும் கடைசிவரை நிற்க வேண்டும்.

அம்பு துளைத்த ஐந்து விலங்குகளையும் உடையில் இடம்பெறச் செய்யலாம் என்ற ஆசை எவருக்கும் எழும். மார்பில் யானைமுகம், தோளில் புலி, இடுப்பில் பன்றிக்கொம்பு என்று அடுக்கினால், ஐந்தில் எதுவும் கண்ணில் நிற்காது. இடையில் வரும் புலியையும், அம்பு போய்த் தங்கிய உடும்பையும் மட்டும் தேர்ந்தெடுப்பது நல்லது. புலி துணியில் வரியாக வரும். உடும்பு முன்கைக் காப்பில் செதிலாக வரும். இரண்டுமே படமாக வரையப்படாமல் மேற்பரப்பின் தன்மையாகவே அமைவதால் ஆரத்தோடு போட்டியிடாது. உண்மையான தோலையோ நகத்தையோ நாடுவது 1972-ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றமாகும் என்பதால், எல்லாமே வண்ணத்தாலும் நுரைப்பலகையாலும் ஆக்கப்பட வேண்டியவையே.

நுரைப்பலகை என்பது இங்கு ஈ.வி.ஏ. ஃபோம் எனப்படும் ரப்பர் போன்ற பொருளைக் குறிக்கிறது. உடற்பயிற்சிக் கூடங்களின் தரைவிரிப்பும் பல செருப்புகளின் அடிப்பகுதியும் இதனால் ஆனவை. சேலம், நாமக்கல் வட்டாரத் தெருக்கூத்துக் கலைஞர்கள் இதே தேவைக்கு நெடுங்காலமாக எடை குறைந்த மரத்தைச் செதுக்கிக் கிரீடமும் மார்புப் பதக்கமும், தோளுக்கு மேலே விரிந்து நிற்கும் புஜகீர்த்தியும் செய்து, பொன்தாளும் கண்ணாடித் துண்டுகளும் ஒட்டி வந்திருக்கிறார்கள். இரவில், தொலைவில் அமர்ந்திருப்பவருக்கு அரசன் அரசனாகத் தெரிய வேண்டும் என்பதற்காகத் தோள்களைப் பெரிதாக்கிக் காட்டும் அவர்களுடைய முறை, மெலிந்த நண்பருக்குக் கவசம் வடிவமைப்பவர் கூர்ந்து கற்க வேண்டிய ஒன்று. தோளின் உண்மையான அகலமாகிய 44 செ.மீ.க்கு மேல் பக்கத்துக்கு 3 செ.மீ. கூட்டினாலே இடுப்பு ஒடுங்கித் தோன்றும். அதற்கு மேலும் கூட்டினால் தலை சிறுத்துப் பொம்மைபோல் ஆகிவிடும். கூத்தில் கிரீடம் தலையையும் பெரிதாக்கி இதைச் சமன் செய்துவிடும்; தலைக்கவசம் இல்லாத இந்த வேடத்தில் அந்த வசதி கிடையாது.

மார்புக்கவசம் முன்பலகை, பின்பலகை என இரண்டாகச் செய்யப்பட்டுத் தோளிலும் விலாவிலும் வார்களால் பிணைக்கப்படும். 10 மி.மீ. தடிப்புள்ள பலகையில் படிவத்தை வரைந்து, புதிய அலகு பூட்டிய கத்தியால் வெட்ட வேண்டும். மழுங்கிய அலகு விளிம்பைப் பிய்த்துவிடும். பின்னர் வெப்பக்காற்றுத் துப்பாக்கியால் சீராகச் சூடேற்றினால் பலகையின் மேற்பரப்பு மங்கிய நிலையிலிருந்து இலேசான பளபளப்புக்கு மாறும். நுண்துளைகள் மூடிக்கொண்டன என்பதற்கும் இப்போது வளைக்கலாம் என்பதற்கும் அதுவே அறிகுறி. வளைத்த நிலையிலேயே ஆறும்வரை பிடித்திருந்தால் அவ்வடிவம் நிலைத்துவிடும். புகை எழுமளவுக்குச் சூடேற்றுவது பொருளையும் கெடுக்கும், மூச்சையும் கெடுக்கும். ஆகவே இவ்வேலை திறந்த வெளியிலோ காற்றோட்டமுள்ள தாழ்வாரத்திலோ நடக்க வேண்டும்.

கவசத்தின் கீழ்விளிம்பு விலா எலும்புகள் முடியும் இடத்தில் நிற்க வேண்டும் என்பது உடல் அமைப்பு விதிக்கும் எல்லை. அதற்குக் கீழே இறங்கினால் நண்பர் உட்காரும்போது இடுப்பு கவசத்தை மேலே தள்ளி, கழுத்துவிளிம்பு தொண்டையில் அழுந்தும். உடல் மடங்காத இடங்களாகிய மார்பு, முதுகு, முன்கை, கணைக்கால் ஆகியவற்றில்தான் கடினமான பகுதிகள் அமையலாம்; மடங்கும் இடங்களில் துணியோ வாரோதான் வர வேண்டும். அக்குளில் கவசத்தின் விளிம்பு கை மடிப்பிலிருந்து 4 செ.மீ. உள்வாங்கியிருக்க வேண்டும். இல்லையென்றால் வில்லைப் பிடிக்கும் கை மார்புக்குக் குறுக்கே வரும்போது விளிம்பு தடுக்கும்.

வில்லாளிக்கே உரிய சிக்கல் ஒன்று இங்கு எழுகிறது. வலக்கையால் நாண் இழுப்பவருக்கு நாண் இடமார்பை உரசியபடி செல்கிறது. வில்விளையாட்டு வீரர்கள் அந்தப் பக்கத்தில் வழவழப்பான மார்புக்காப்பு அணிவது இதனால்தான். பாணர்களுக்கு ஓரியை அடையாளம் காட்டிய ஆரமோ அதே மார்பில்தான் தொங்குகிறது. தொங்கவிட்டால் நாணில் சிக்கும். நீக்கிவிட்டால் வேடமே யாருடையது என்று தெரியாமல் போகும். இதற்கான தீர்வு, ஆரத்தைத் தனி அணியாகக் கழுத்தில் போடாமல், 2 மி.மீ. நுரைத்தாளில் வெட்டிய மணிகளாகக் கவசத்தின் மீதே ஒட்டி, வலத்தோளிலிருந்து மார்பெலும்பு வரை இறங்கி அங்கேயே முடியுமாறு சாய்த்து அமைப்பதாகும். இடமார்பு வெறுமையாக, வழவழப்பாக விடப்படும். சமச்சீராக இருக்க வேண்டிய ஆரம் சாய்ந்திருப்பதை முதலில் குறையாக நினைக்கலாம். ஆனால் நண்பரின் இடத்தோள் முன்னே நீண்டிருப்பதால் படத்தில் அந்தச் சாய்வு உடலின் திருப்பத்தோடு இசைந்தே தெரியும்.

இடக்கையின் முன்கைக் காப்பு 5 மி.மீ. பலகையில், மணிக்கட்டுக்கு 3 செ.மீ. மேலிருந்து முழங்கை மடிப்புக்கு 5 செ.மீ. கீழ்வரை நீளும். வெங்காயம் கட்டி வரும் வலைப்பையைச் சூடான பலகையின் மேல் வைத்து அழுத்தினால் உடும்பின் செதிலைப் போன்ற சாய்சதுரத் தடங்கள் பதியும். நாண் தட்டும் உட்பக்கத்தை மட்டும் தடமின்றி விட வேண்டும். வலக்கையில் காப்புக்குப் பதிலாக, பாடலில் வரும் கடகம் மூன்று சுற்றாக வரும். கனமான அலுமினியக் கம்பியில் செய்து பழம்பொன் நிறம் பூசினால் கையின் அளவுக்கேற்ப இறுக்கவும் தளர்த்தவும் முடியும்.

துணியைப் பொறுத்தவரை, பளபளக்கும் பாலியஸ்டர் சாட்டினைத் தவிர்ப்பது முதல் தேவை. நிழற்படத்தில் அது கவசத்தைவிடக் கூடுதலாக ஒளிர்ந்து, கவசம் பொய்யானது என்பதைக் காட்டிக்கொடுத்துவிடும். வெளுக்காத காடாத் துணி இதற்கு மிகவும் ஏற்றது; விலை குறைவு, மடிப்பு கனமாக விழும், சாயத்தை நன்றாக ஏற்கும். கீழாடை 8 முழத் துணியைக் கச்சமாகக் கட்டி முழங்காலுக்குக் கீழே ஒரு சாண் அளவில் நிறுத்தப்படும். கடுக்காய்த் தூளை ஊறவைத்த நீரில் துணியைத் தோய்த்து உலர்த்தி, பிறகு துருப்பிடித்த இரும்பை ஊறவைத்த நீரில் நனைத்தால், கடுக்காயின் துவர்ப்புப் பொருளும் இரும்பும் சேர்ந்து கரும்சாம்பல் நிறம் உண்டாகும். மழைக்கால மலையின் பாறை நிறத்துக்கு அது மிக அருகில் வரும். மஞ்சளால் சாயமேற்றுவது எளிது என்றாலும் வெயிலில் விரைவில் வெளுத்துவிடும்.

புலிவரி வரும் மேலாடை இடத்தோளில் தொடங்கி முதுகின் குறுக்கே வந்து வல இடுப்பில் முடியும். கருமஞ்சள் நிறத் துணியில் வரிகளை வரையும்போது அச்சிட்டதுபோல் ஒரே தடிப்பில் இழுப்பதே வழக்கமான தவறு. புலியின் வரி முதுகில் தடித்து வயிற்றை நோக்கி மெலிந்து, இடையில் பிளந்து சேர்வது. அதைப் பின்பற்றினால்தான் மூன்று மீட்டருக்கு அப்பாலிருந்து பார்ப்பவர் அதைத் தோல் என்று ஏற்பார். அம்புகள் கிழித்த கவசத்தின் நினைவாக இரண்டு கிழிசல்களை அமைத்து, அவற்றைத் தடித்த நூலால் தைத்தும் விடலாம். இந்த வேடன் பலமுறை போரிட்டவன் என்பதை அத்தையல் சொல்லிவிடும்.

கைப்பொருள்களில் வில்லுக்கே முதலிடம். நிமிர்த்தி நிறுத்தினால் நண்பரின் முகம்வரை வரும் 155 செ.மீ. நீளம் படத்தில் பெருமிதமாகத் தோன்றும். தலைக்கு மேல் போனால் வில் நண்பரை விழுங்கிவிடும். மின்கம்பி பதிக்கப் பயன்படும் 20 மி.மீ. பி.வி.சி. குழாயைச் சூடேற்றி வளைத்து, மேலே சணல்கயிறு சுற்றி, வண்ணம் பூசலாம். காரவள்ளியிலிருந்து 70 கொண்டைஊசி வளைவுகளைப் பேருந்தில் கடந்து மலைக்குக் கொண்டுசெல்ல வேண்டியிருப்பதால், கைப்பிடி இருக்கும் நடுப்பகுதியில் இரண்டாகப் பிரியுமாறு உள்ளே சற்றுச் சிறிய குழாயைச் செருகி இணைப்பது அறிவுடைமை. இணைப்பு கைப்பிடித் தோலுக்குள் மறைந்துவிடும். நாணுக்கு ரப்பர் நூல்தான் போட வேண்டும். சூடேற்றி வளைத்த குழாயில் உண்மையான நாணைப் பூட்டி இழுத்தால் அது முறிந்து முகத்தில் தெறிக்கக்கூடும். ரப்பர் நூலோ முழுவதும் இழுத்ததாகப் படத்தில் தெரியும், ஆனால் எதையும் எய்யாது. அம்பின் முனையும் மென்மையான நுரையால்தான் இருக்க வேண்டும்.

இன்னொரு கைப்பொருளையும் 153-ஆம் பாடல் தருகிறது. ஓரி கூத்தர்களுக்குக் குளிர்ந்த நீரில் பூக்காத குவளையை, அதாவது மணிகளால் செய்த நீலப் பூக்களை, வெள்ளி நாரில் தொடுத்துக் கொடுத்தான் என்பது செய்தி. இது தலையில் சூடும் கண்ணி. இதை ஓரியாக நிற்கும் நண்பரின் தலையிலேயே சூட்டிவிடுவது வடிவமைப்பாளருக்கு எளிது. ஆனால் அது அவன் சூடியது அன்று, கொடுத்தது. ஆகவே நீல நுரைத்தாளில் வெட்டி வெள்ளிநிறக் கம்பியில் கோத்த பூச்சரத்தை வல இடுப்பில், கை எட்டும் இடத்தில், ஒரே இழுப்பில் கழன்றுவரும் முடிச்சோடு தொங்கவிட வேண்டும். கரும்சாம்பலும் பழம்பொன்னும் நிறைந்த உடையில் அந்த ஒரே நீலம், வேட்டுவனின் இடுப்பில் ஒரு வள்ளலின் கொடை காத்திருப்பதைக் காட்டும்.

இவ்வளவும் முடிவானபின், வேறொருவர் படித்துப் பார்த்துத் தைக்கவும் வெட்டவும் ஏற்ற விவரணையை எழுத வேண்டும். உடை வடிவமைப்பில் பெரும்பாலான பிழைகள் கைவேலையில் தோன்றுவதில்லை. எழுத்தின் தெளிவின்மையில் தோன்றுகின்றன. ‘வீரமான பழங்காலக் கவசம், அழகான வேலைப்பாட்டோடு’ என்று எழுதினால் தையற்காரர் ஒன்றையும் கருமான் இன்னொன்றையும் கற்பனை செய்துகொள்வார்கள். ஒவ்வொரு பகுதிக்கும் அது எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, எதனால் ஆனது, என்ன நிறம், எவ்வளவு பளபளப்பு, எப்படிப் பூட்டப்படுகிறது, எவ்வளவு தேய்ந்தது என்பவற்றை இதே வரிசையில் சொல்ல வேண்டும். இடம், வலம் என்பன எப்போதும் அணிபவருடையவையாகவே இருக்க வேண்டும். இந்த வேடத்தின் மார்புக்கவசத்தைப் பின்வருமாறு எழுதலாம்:

‘முன்பலகை கழுத்துக்குழிக்கு இரண்டு விரல் கீழே தொடங்கி விலா முடியும் இடத்தில் நிற்கும். 10 மி.மீ. நுரைப்பலகை; கரும்பழுப்பு நிறம், எண்ணெய் பூசிய பழந்தோலின் மங்கிய பளபளப்பு. விளிம்பு முழுவதும் ஒரு விரல் அகலத்தில் பழம்பொன் பட்டை. வலத்தோளிலிருந்து மார்பெலும்பின் நடுவரை 11 மணிகள் கொண்ட ஆரம், மேலே சிறியதாகத் தொடங்கிக் கீழே பெரிதாகும். இடமார்பு வெறுமை. இரு தோள்களிலும் இரு விலாக்களிலும் வார். விலா வார்கள் இடப்பக்கம் நிலையானவை, வலப்பக்கம் கழற்றத் தக்கவை. தேய்மானம் கீழ்விளிம்பிலும் இட அக்குளிலும் மட்டும்.’

கடைசி வாக்கியம் சிறியதாயினும் முக்கியமானது. பழமை காட்ட வேண்டும் என்று கவசம் முழுவதும் கறுப்பு வண்ணத்தைத் தேய்த்தால் அது அழுக்காகத் தோன்றுமே தவிரப் பழையதாகத் தோன்றாது. கை உரசும் இடம், வார் இழுக்கும் இடம், உட்காரும்போது மடியில் இடிக்கும் விளிம்பு ஆகியவைதான் உண்மையில் தேயும். பிற இடங்கள் பத்தாண்டு கடந்தாலும் புதிதாகவே இருக்கும்.

கவசத்தை நண்பருக்கு அணிவித்துப் பார்க்கும் நாளில் கண்ணாடியைவிட அசைவே சிறந்த சோதனை. இரு கைகளையும் தலைக்கு மேல் உயர்த்துதல், தரையில் குந்தி எழுதல், வில்லை முழுவதும் இழுத்து நிற்றல் ஆகிய மூன்றையும் செய்யச் சொல்லி, கவசம் தாடையை இடிக்கிறதா, விலாவில் பிதுங்குகிறதா, ரப்பர் நாண் எதிலாவது சிக்குகிறதா என்று பார்க்க வேண்டும். பக்கவாட்டு வெயிலில் நிறுத்திப் பார்த்தால் ஒட்டுப்போட்ட கோடுகள் நிழலாகத் தெரியும். அவற்றை நிரப்பி மெழுகிய பின்பே வண்ணம் பூச வேண்டும். வளையும் இடத்தில் வண்ணம் வெடித்தால், அடியில் நெகிழ்வான பூச்சு இல்லாமல் நேரடியாக வண்ணம் பூசப்பட்டிருக்கிறது என்று பொருள்.

கொல்லிமலையில் அரசு நடத்தும் வல்வில் ஓரி விழா ஆடி 17, 18 ஆகிய நாள்களில் செம்மேட்டில் நடைபெறுகிறது. வில்வித்தைப் போட்டியும் அப்போது இடம்பெறும். மலை 1,000 மீட்டருக்கு மேல் உயர்ந்திருப்பதால் அந்தப் பருவத்தில் மூடுபனியும் சாரலும் அடிக்கடி வரும். நுரைப்பலகையை ஒட்டப் பயன்படும் ரப்பர் பசையை இரண்டு பக்கமும் தடவி, தொட்டால் கையில் ஒட்டாத நிலைவரை, அதாவது பத்து நிமிடம் அளவு, உலரவிட்டு அழுத்துவதுதான் முறை. ஈரக் காற்றில் பசையிலுள்ள கரைப்பான் ஆவியாகிப் பசை குளிரும்போது அதன் மேல் நீர் படிந்து வெண்மை பூக்கும். அப்படிப் பூத்த பசை ஒட்டியதுபோல் தோன்றி ஒரு மணி நேரத்தில் பிரிந்துவிடும். எனவே ஒட்டும் வேலை அனைத்தையும் அடிவாரத்தில், வெயில் காயும் பகலில் முடித்துவிட்டே மேலே செல்ல வேண்டும். மலைமேல் ஏதேனும் பிரிந்தால் பசையை நாடாமல், விவரணையில் முன்பே குறித்துவைத்த வார்களையும் தடித்த நூலையும் கொண்டு கட்டிவிடுவது நல்லது. புலிவரித் துணியில் ஏற்கெனவே தையல் தெரிய விட்டிருப்பதால், கவசத்தில் புதிதாக ஒரு தையல் சேர்ந்தாலும் அது உடையின் இயல்பாகவே தோன்றும்.